கை நீட்டி வாங்கியது

“சனியனே!” என்றார் கணவர்.

மனைவி அவருடைய வாயோரம் வழிந்ததை முந்தானையால் துடைத்துவிட்டு, “தண்ணி போதுமாம் டீச்சர்” என்றாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பேச்சுப் பயிற்சி டீச்சர், கோப்பில் ‘வார்த்தைகள்: ஒன்று’ என்று எழுதினாள். ஏழு வாரமாக அதே ஒன்றுதான். இதை எழுதவா இவ்வளவு படித்தோம் என்று பேனாவுக்கே அலுத்திருக்கும்.

பக்கவாதத்தில் மூளையின் இடப்பக்கம் அடிபட்டு, கிரேன் ஓட்டுநரான கணவருக்கு வலது கையும் பேச்சும் ஒரே காலையில் போய்விட்டன. அடுத்தவர் பேசுவது புரிந்தது. ஆனால் அவர் வாயைத் திறந்தால் பசி, தூக்கம், நன்றி, மனைவியின் பெயர் எல்லாமே ‘சனியனே’ என்றுதான் வெளியே வந்தன.

“வீட்ல ஒரு நாள்கூட இந்த வார்த்தைய சொன்னதில்ல டீச்சர். அப்ப மனசுக்குள்ள இத்தன வருஷமா என்னை இப்படித்தான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தாரா?”

“உங்களை இல்லம்மா. கிரேன் மேல தனியா உக்காந்துக்கிட்டு, கொக்கி மாட்டாதப்ப இரும்பைத் திட்டியிருப்பார். கோவத்துல வர்ற வார்த்தை தும்மல் மாதிரி. யோசிச்சுக் கோக்க வேண்டாம், எதிர்ல ஆளும் வேண்டாம். அதான் சில பேருக்கு மத்த பேச்செல்லாம் போனாலும் அது மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு.”

“ஒட்டினதுதான் ஒட்டிச்சு, ஒரு நல்ல வார்த்தை ஒட்டியிருக்கக் கூடாதா?”

“எனக்கு இப்படி ஆனா, ‘திரும்பச் சொல்லுங்க’தான் மிஞ்சும். எங்க வீட்ல எல்லாரும் இப்பவே காதைப் பொத்திக்கிறாங்க.”

மனைவி சிரித்தாள். நான்கு மாடி அவரைத் தாங்கி ஏறியதில் சிரிப்புக்கும் மூச்சு வாங்கியது.

டீச்சர் பேனாவை மூடினாள். “இன்னும் மூணு மாசம் பயிற்சி குடுக்கலாம். ஆனா போன வாரம் ரெண்டு நாளும் வரலையே?”

“நிலைக்கதவைப் புடிச்சுக்கிட்டு விடல டீச்சர். இடது கையில இன்னும் அந்த கிரேன் பலம் இருக்கு.”

“இஷ்டமில்லாதவருக்கு யாராலயும் பேச்சு வரவெக்க முடியாதும்மா. வெளிய பதினோரு பேர் காத்திருக்காங்க. வருவேன்னு அவரே ஒத்துக்கணும். இல்லன்னா இன்னிக்கே பேரை எடுத்துடுவேன்.”

“நான் கூட்டிட்டு வருவேன். அவருக்கும் சேத்து நானே சத்தியம் பண்றேன்.”

“அதை அவருதான் பண்ணணும். திட்டும் வாங்குறதுதான், சத்தியமும் வாங்குறதுதான். ஆனா திட்டு கேக்காமலே வந்து விழும். சத்தியத்தை ஒருத்தர் கேக்கணும், இன்னொருத்தர் மனசறிஞ்சு குடுக்கணும். யாருக்கு, என்ன செய்வேன்னு தெளிவா இருக்கணும். குடுத்தவர் நெனைச்சாலும் கழட்டிக்க முடியாது. வாங்கினவங்களா பாத்து விட்டாத்தான் உண்டு.”

டீச்சர் அவர் முன்னால் இரண்டு அட்டைகளை வைத்தாள். ஒன்றில் ‘ஆம்’ என்பதற்குப் பச்சை வட்டம், மற்றதில் ‘இல்லை’ என்பதற்குச் சிவப்பு. “ஐயா, தொட்டுக் காட்டுங்க. வருவீங்களா?”

அவர் இரண்டையும் பார்த்தார். குழந்தைகளுக்குக் காட்டும் அட்டைகள். இடது கையை ஒரே வீச்சாக வீசினார்.

“சனியனே!”

இரண்டோடு சேர்ந்து, மேசையில் அடுக்கியிருந்த அத்தனை அட்டைகளும் அறை முழுக்கப் பறந்தன.

மனைவிக்கு அவ்வளவுதான். எழுந்து நின்று எதிரே இருந்த இரும்பு பீரோவைப் பார்த்துக் கத்தினாள். “போதும்! இனிமே இந்த வாசப்படிய மிதிக்க மாட்டோம். என் தலைமேல சத்தியம்! மிதிச்சா என்னை என்னன்னு கேளுங்க!”

பீரோ ஒன்றும் கேட்கவில்லை.

அவள் குனிந்து அட்டைகளைப் பொறுக்கினாள். எண் வரிசைப்படி அடுக்கி மேசையில் வைத்தாள். அடுத்த வாரப் பயிற்சித் தாளை நான்காக மடித்துப் பையில் பத்திரப்படுத்தினாள்.

டீச்சர் பெருமூச்சோடு கோப்பைத் திறந்து, பெயர் இருக்கும் பக்கத்தைத் தேடத் தொடங்கினாள்.

கணவருடைய நாற்காலிக்கு அடியில் கிடந்த கடைசி அட்டையை எடுக்கப்போன மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“டீச்சருக்காக வேண்டாம். எனக்காக, மூணு மாசம் மட்டும் வருவீங்களா?” மெதுவாகக் கேட்டு, உள்ளங்கையை நீட்டினாள்.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு இடது கையால், மடியில் கிடந்த செத்த வலது கையைத் தூக்கினார். நடுவில் ஒருமுறை நழுவி விழுந்தது. மறுபடி தூக்கி, அவள் உள்ளங்கையில் இறக்கி வைத்தார். முப்பது வருடம் இரும்பை இறக்கிய அதே பதனம்.

அவள் கண்ணைப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னார்.

“சனியனே.”

“சரி” என்று அவள் அந்தக் கையை மூடிக்கொண்டாள்.

கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தாத டீச்சருக்கு வார்த்தை மட்டும்தான் கேட்டது. “பாத்தீங்களா, இப்பவும் திட்டுறார். நீங்களும் தலைமேல சத்தியம் பண்ணிட்டீங்க. பேரை அடிச்சிடட்டுமா?”

“அடிச்சிடாதீங்க டீச்சர். நான் சொன்னது திட்டு. அவர் சொன்னதுதான் சத்தியம்.”