ஒற்றைக் குரல்

கால்நடை மருத்துவக் கல்லூரியின் பழைய மாணவர்கள் திமிஷோரா நகரில் கூடியிருக்கிறார்கள். மாலை வெயில் ஒயின் கோப்பைகளுக்குள் இறங்கிக் கிடக்கிறது. புதிய பட்டதாரியின் பெயரை அழைத்தால், முன்பு இங்கே படித்த அவருடைய அப்பாவோ அம்மாவோ அவரோடு சேர்ந்து குரல் கொடுப்பது இவர்கள் வழக்கம். பேராசிரியை தொம்னிக்கா மைக்கைப் பிடிக்கிறார். வீட்டாரைப் பற்றி எதைச் சொல்லலாம் என்று புதிய பட்டதாரி சன்சியானாவிடம் காலையிலேயே கேட்டுக்கொண்டவர், அதற்கு மேல் ஒரு சொல் சொல்வதில்லை. "இவங்க டாக்டர் சன்சியானா பூஸ்துக். போன பனிக்காலத்துல, வயித்துக்குள்ள குறுக்க கிடந்த கன்னுக்குட்டியைத் திருப்பி எடுத்தாங்க, பசுவும் பிழைச்சுது. அம்மா ஓட்டல்ல துணி தேய்க்கிறாங்க, இந்த நேரத்துலயும் அங்க வேலையிலதான் இருக்காங்க. அந்த வீட்டுல முதல் பட்டம் இவங்களோடது. மலைப்பக்கம் வேலை தேடுறாங்க. இடம் வெச்சிருக்கவங்க இன்னைக்கே பேசுங்க." பின்வரிசைக் கிழவர் ஒருவர் கத்துகிறார்: "யாரு பொண்ணும்மா இது?" "பேரைத்தான் சொன்னேனே, ஐயா!" என்ற தொம்னிக்கா நிமிர்ந்து அழைக்கிறார்: "சன்சியானா பூஸ்துக்!" "இருக்கேன்." குரல் கூரை வரை போய்த் தனியாகத் திரும்புகிறது. இன்னொரு குரலுக்காக மண்டபம் பழக்கத்தில் காத்திருக்கிறது. பிறகுதான் கைதட்டல். அது ஓய்ந்ததும் சன்சியானா, பக்கத்து நாற்காலியில் கிடந்த தன் மேலங்கியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வேலை பற்றிப் பேச வருகிறவர் உட்கார அந்த இடத்தைக் காலியாக விடுகிறாள்.