வகுப்புக்கு இரண்டாவது ஆள்

“உங்கட வகுப்பில என்ர பிள்ளை தமிழும் படிக்கேல்லை, செபமும் படிக்கேல்லை. ஞாயிற்றுக்கிழமையில வயித்துக்குத்தெண்டு பொய் சொல்லத்தான் படிச்சிருக்கு!”

பூசை முடிந்து சனம் கோப்பி குடித்துக்கொண்டு நிற்கிற இடத்தில் நிரூபா இப்படிக் கத்தினால், வேரோனிக்கா சும்மா விடுவாளா?

“அப்ப நீர் வந்து படிப்பியுமன். குறை சொல்ல ஆயிரம் பேர், வகுப்பெடுக்க ஒரு குருவி இல்லை.”

“ஐயோ, என்ர தமிழுக்கு என்ர பிள்ளையே சிரிக்கும்!” நிரூபா கோப்பியோடு நழுவிவிட்டாள்.

புலம்பெயர்ந்து வந்த ஊரில், அஜின்கோர்ட் கோயிலின் பேஸ்மென்றில், முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகிற பிள்ளைகளுக்கான முதல் நன்மை வகுப்பை வேரோனிக்காதான் பதினாறு வருசமாக நடத்துகிறாள். இந்த வருசம் பதினொரு பிள்ளைகள். வீட்டில் இங்கிலிஸ், பள்ளிக்கூடத்தில் இங்கிலிஸ், சண்டையும் இங்கிலிஸில்தான். கடவுளோடு மட்டும் தமிழில் கதைக்க வேண்டும் என்று ஏற்பாடு.

அதற்கும் இப்போது ஆபத்து. வகுப்பில் எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும். தனி ஒருவரைப் பிள்ளைகளோடு விடக்கூடாது. அது சட்டம். கூட நின்ற பேர்ணடெற் வீடு வாங்கிக்கொண்டு தூர ஒஷாவாவுக்குப் போய்விட்டாள்.

பங்குச் சுவாமி தெளிவாகச் சொல்லிவிட்டார். “வாற ஞாயிறுக்குள்ள இரண்டாவது ஆள் வேணும், வேரோனிக்கா. இல்லையெண்டால் பிள்ளையளை இங்கிலிஸ் வகுப்போட சேர்க்கிறதைத் தவிர வேற வழியில்லை.”

சேர்த்தால் சேர்த்ததுதான். பிறகு எந்தத் தாய் பிள்ளையைத் திருப்பித் தமிழ் வகுப்புக்கு அனுப்புவாள்? வேரோனிக்கா அந்தக் கிழமை முழுக்க போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

தை மாத விழா மேடையில் ‘தாய்மொழி எங்கள் மூச்சு’ என்று முழங்கிய எட்வேட், “மார்க்கம் ரவுணில இருந்து ஒவ்வொரு கிழமையும் வாறது கஷ்டம், அக்கா” என்றான். மேடையை விட்டு இறங்கினால் மூச்சு வாங்குமாக்கும்.

வின்சன்ற் “ஓம், நான் வாறன்” என்றார். படிவத்தைக் கண்டதும் முகம் கறுத்துவிட்டது.

“பொலிஸ் செக்கோ? நான் என்ன குற்றவாளியே?”

“பிள்ளையளோட நிக்கிற எல்லாருக்கும்தான், அண்ணை. நானும் எடுத்தனான், சுவாமியும் எடுத்தவர்.”

“சுவாமியையே சந்தேகப்படுறாங்களோ!” அதற்கும் சேர்த்துக் கோபித்துக்கொண்டு போனார்.

பொலிஸ் செக் மட்டுமா? பிள்ளைகள் பாதுகாப்புப் பயிற்சி ஒன்லைனில். சொந்தக்காரர் அல்லாத இரண்டு பேரின் பரிந்துரைக் கடிதம். சுவாமியோடு ஒரு நேர்முகம். எல்லாம் முடியக் கிழமைக் கணக்காகும். ஞாயிறும் விடிந்துவிட்டது, அவள் கையில் வெறும் படிவம்தான்.

பூசை முடிய, கடைசி வாங்கில் இருந்த றெபேக்காவைக் கண்டாள். அவளிடம் முதல் நன்மைக்குப் படித்த பிள்ளை; இப்போது ஆசிரியப் பயிற்சியில் இருக்கிறாள். பக்கத்தில் யூட்சன், அதே வருசம் படித்தவன். இரண்டு பேரும் நல்ல தமிழ் கதைப்பார்கள். கதைத்து என்ன பிரயோசனம்? பேர்ணடெற் போகப்போகிறாள் என்று தெரிந்ததும், செப்ரெம்பரிலேயே பூசை முடிவில் மைக்கைப் பிடித்து ஆள் கேட்டாளே, அசைந்தார்களா?

பதினாறு வருசத்துக் கோபமும் ஒன்றாக வந்தது.

“உங்களுக்குப் படிப்பிச்சு நான் என்னத்தைக் கண்டன்? நன்மை வாங்கினதோட வகுப்பையும் மறந்திட்டியள். கொஞ்சமெண்டாலும் நன்றி வேண்டாமே?”

யூட்சன் நிலத்தைப் பார்த்தான். றெபேக்கா பையைத் திறந்து ஒரு கவரை எடுத்து வாங்கில் வைத்தாள். இரண்டு பொலிஸ் செக். இரண்டு பயிற்சிச் சான்றிதழ். கடிதங்கள். எல்லாவற்றிலும் அவர்கள் இருவரின் பெயர்.

“நீங்கள் மைக்கில கேட்ட கிழமையே தொடங்கினனாங்கள், அன்ரி. எல்லாம் வந்து ஒரு மாசமாச்சு.”

வேரோனிக்கா தொப்பென்று வாங்கில் இருந்தாள். “மாதாவே! பிறகேன் பிள்ளை தரேல்லை?”

“மூண்டு தரம் வகுப்பு வாசல் வரைக்கும் வந்தனாங்கள்.”

“வந்து?”

“நீங்கள் உள்ளுக்க நிண்டீங்கள்.”

வேரோனிக்காவுக்கு விளங்கவில்லை. றெபேக்கா குரலை உயர்த்தாமலே சொன்னாள்.

“எங்களுக்குப் பாவசங்கீர்த்தனம் பழக்கின நாள். சுவாமிக்குப் பாவத்தைச் சொல்லுற மாதிரி எழும்பிச் சொல்லச் சொன்னீங்கள். அக்காவின்ர லிப் பாம் எடுத்தனான் எண்டு இங்கிலிஸில சொன்னன். ‘தமிழில சொல்லு’ எண்டு அவ்வளவு பிள்ளையளுக்கு முன்னால நிக்க வைச்சீங்கள். எனக்குத் தெரியேல்லை. கடைசியில நீங்கள்தான் சொல்லித் தந்தீங்கள்.”

“நான் என்ன சொன்னனான்?”

“நான் ஒரு கள்ளி எண்டு.”

“எட்டாம் வகுப்பு வரைக்கும் அதுதான் அவவின்ர பேர்,” என்றான் யூட்சன். “நானும் கூப்பிட்டனான், அன்ரி.”

றெபேக்கா கவரைக் கையில் எடுத்தாள். “இதைச் சுவாமியிட்டக் குடுத்து, இண்டைக்கே நேர்முகத்தையும் முடிக்கப் போறம். வகுப்பை மூடக்கூடாது. நாங்கள் ரெண்டு பேரும் இருந்தால் போதும்தானே?”

போதும். சட்டம் அதைத்தான் சொல்கிறது. வகுப்பு தப்பிவிட்டது.

வேரோனிக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “பின்னால ஒரு கதிரையில இருக்கிறன், பிள்ளை. வாய் திறக்கமாட்டன்.”

றெபேக்கா கவரைப் பைக்குள் வைத்து மூடினாள். கீழே பிள்ளைகள் படியிறங்கி ஓடுகிற சத்தம் கேட்டது.

“விடுவியளே?”