தோள் மட்டம்

"அக்கா, உன் பெரிய தம்பிகிட்ட சொல்லு. அம்மாவோட தலைமாட்டை நான்தான் தூக்குவேன்."

மேனஸ் இப்படிச் சொன்னபோது பெரிய தம்பி ஃபெர்கல் இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தான். வேலியோரத்து மரம் ஒன்றை வெட்டியதில் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. எல்லாம் அக்கா டிம்ப்னா வழியாகத்தான்.

"சின்னத் தம்பிகிட்ட சொல்லுக்கா," என்றான் ஃபெர்கல். "என்னைவிட நாலு அங்குலம் குட்டை. ஜோடியாத் தூக்கினா பெட்டி சாயும். உயிரோட இருந்தவரைக்கும் அம்மா ஒரு தடவைகூட வழுக்கி விழுந்ததில்ல."

"ரெண்டு அங்குலம்," என்றான் மேனஸ், ஜன்னலைப் பார்த்து.

அயர்லாந்தின் டோனிகாலில் அது ஒன்றும் புதுச் சண்டை இல்லை. பக்கத்து அறையில் பெட்டி திறந்தபடி இருக்க, இரண்டு நாளாக ஊரே வந்து கை குலுக்கிவிட்டு டீ குடித்துப் போய்க்கொண்டிருந்தது. பன்றிக்கறி சாண்ட்விச்சில் கடுகு தடவியது யார் என்று காலையிலிருந்து ஒரு விசாரணை. அம்மாவுக்குக் கண்ணாடி போட்டுவிட வேண்டுமென்று அக்கா. கண்ணை மூடிக் கிடக்கிறவளுக்குக் கண்ணாடி எதற்கு என்று ஃபெர்கல். கடைசியில் கண்ணாடி போட்டார்கள். அம்மா தூங்குகிற மாதிரி இல்லை, பேப்பர் படித்தபடியே கண்ணசந்துபோன மாதிரி இருந்தாள்.

மேனஸுக்கு எரிச்சல் வேறொன்றில். இரங்கல் சொல்ல யார் வந்தாலும் ஃபெர்கல் நாற்காலியை விட்டு எழவில்லை. பாதிரியாருக்குக்கூட உட்கார்ந்தபடியே கை நீட்டினான். துரை எழுந்திருக்க மாட்டாராம்.

கடைசி ஜெபம் முடிந்து பெட்டியை மூடினார்கள். வாசலில் இரண்டு நாற்காலிகள் மேல் அதை வைத்துவிட்டு, சவப்பெட்டிக்காரர் மெக்கிளின்ச்சி ஆட்களைக் கண்ணாலேயே அளந்தார். உயரத்துக்கு உயரம் ஜோடி சேர்ப்பது அவர் தொழில். வீட்டிலிருந்து பாலம்வரை குடும்பம், அதன்பிறகு அக்கம்பக்கத்தார் என்பது வழக்கம். மேனஸை நடு ஜோடியில் சித்தப்பாவின் குள்ள மகன் ஒருவனோடு நிறுத்தினார்.

மேனஸ் அங்கே நிற்கவில்லை. சமையலறைக்குப் போய், பாத்திரம் துடைக்கும் துண்டை நாலாக மடித்துக் கோட்டுக்குள் தோளில் செருகிக்கொண்டு வந்து தலைமாட்டில் ஃபெர்கலுக்கு ஜோடியாக நின்றான். கல்யாணத்துக்கு வந்த கூனன் மாதிரி இருந்தது.

மெக்கிளின்ச்சி ஃபெர்கலைப் பார்த்தார். ஃபெர்கல், "நிக்கட்டும்," என்றான்.

தூக்கினார்கள். யாரோ இரண்டு நாற்காலிகளையும் எட்டி உதைத்துக் கவிழ்த்தார்கள். இல்லாவிட்டால் அடுத்த சாவுக்கு இடம் போட்டு வைத்தது போலாகும்.

பெட்டி தோளில் ஏறியதும், அடியில் குறுக்கே கையைப் போட்டு ஜோடிக்காரன் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆறு வருஷத்தில் முதல்முறையாக அண்ணன் கை மேனஸ்மேல் பட்டது. நடுங்கியது. ராத்திரிக் குடி இன்னும் தெளியவில்லை என்று நினைத்துக்கொண்டான். நடுவில் பெட்டி, முகம் தெரியவில்லை.

காதுக்கு அந்தப் பக்கம் அம்மாவின் தலை. ஒரு பலகை கனம்தான் இடைவெளி. மேனஸ் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான்.

பின்னால் வந்த கூட்டத்தில் ஒரு கிசுகிசு. ஃபெர்கல் வாத்து மாதிரி நடக்கிறான், பெத்தவ சாவுக்காவது குடிக்காம வரக்கூடாதா என்று ஒருத்தி கேட்டது மேனஸ் காதில் விழுந்தது. அவனுக்கு உள்ளூரத் திருப்திதான்.

பாலத்தில் அடுத்த ஆட்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். மேனஸ் நிமிர்ந்தான்.

"பார்த்தியாக்கா? தட்டுல வச்ச தண்ணி மாதிரி மட்டமா இருந்துச்சு. எல்லாம் அந்தத் துண்டு பண்ணின வேலை."

டிம்ப்னா கைப்பையைத் திறந்தாள். உள்ளே நாலாக மடித்த துண்டு.

"தூக்கினப்பவே பின்பக்கமா நழுவி வாசல்ல விழுந்துடுச்சு."

மேனஸ் தோளைத் தடவிப் பார்த்தான். வெறும் தோள்.

"அப்போ எப்படி..."

"பின்னால வந்த எங்களுக்குத்தான் தெரிஞ்சுது. இங்கவரைக்கும் முட்டியை மடக்கிக்கிட்டே வந்தான். அடுத்த மாசம் ரெண்டு முட்டியும் ஆபரேஷன். அதான் நாற்காலியை விட்டு எந்திரிக்க முடியலை. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னுட்டான்."

ஃபெர்கல் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றான். வலது கால் இன்னும் நிமிரவில்லை.

மேனஸ் போய்ப் பக்கத்தில் நின்றான். பெட்டி வளைவில் திரும்பி மறைகிறவரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு அங்குலம்தான்," என்றான் மேனஸ், வளைவைப் பார்த்தபடியே.

ஃபெர்கல் அக்காவைத் தேடவில்லை. தம்பியின் முகத்தைப் பார்த்தே சொன்னான்.

"நாலுடா. என் முட்டியைக் கேளு."