பந்தல் சீட்டு

ஐந்தாவது சீட்டைத் திருப்பியதும் மங்களத்தின் முகம் சுருங்கியது.

எட்டுக் கிண்ணங்கள். அவற்றை அடுக்கி வைத்துவிட்டு, முதுகைக் காட்டியபடி, கோலூன்றி மலைப்பக்கம் போகிறான் ஒருவன்.

இது புத்தி சொல்லும் சீட்டு, விட்டுவிட்டுப் போ என்கிறது என்றாள் சீட்டுக்குறி பார்க்கும் நவமணி. குரலில் தயக்கம் இல்லை.

முடிவு சொல்லும் ஆறாவதை, கட்டின் அடியிலிருந்து உருவினாள். திருப்புவதற்கு முன்பே அவளுக்குத் தெரியும், அது நல்ல சீட்டுதான் என்று.

நட்டுவைத்த நாலு கோல். உச்சியில் பூந்தோரணம். பூச்செண்டைத் தூக்கி வரவேற்கும் இரண்டு பேர். கல்யாணப் பந்தலேதான்.

மங்களம் மூச்சு விட்டாள். மடியிலிருந்த துணிமூட்டையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

சாயங்கால ரயிலில் ஐயாவு அவளைத் தைப்பிங்குக்குக் கூட்டிப்போகிறான். அங்கே கோயிலில் தாலி. அப்பா பிச்சைமுத்துவுக்குத் தெரியாது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிவிட்டு அவர் லயத்து வீட்டுக்குத் திரும்பும்போது மகள் இருக்கமாட்டாள். ரயில் ஏறிவிட்டால் பிறகு அந்த வாசலை மிதிக்க முடியாது என்பது அவளுக்கே தெரியும். அவள் தயங்கியதைப் பார்த்து ஐயாவுதான் இந்த ஈப்போ கோப்பிக்கடை மாடிக்கு அனுப்பினான். மாடிக்காரி வாக்குப் பொய்க்காது, கேட்டுவிட்டே வா என்றானாம்.

ரப்பர் விலை விழுந்த வருஷம் சீமைக்குக் கப்பலேறிய துரைசாணி, தன் ஆயாவான நவமணியிடம் விட்டுப்போன சீட்டுக்கட்டு அது. அன்றிலிருந்து நவமணிக்குச் சோறு போடுவதும் அதுதான்.

"அக்கா, எனக்கு வெளங்கிருச்சு. விட்டுட்டுப் போன்னா அப்பா வீட்ட விட்டுட்டு. போனா பந்தல். ரெண்டும் ஒண்ணுதானே?"

கெட்டிக்காரி. நவமணிக்குப் பிடித்துப்போனது. பிடித்துப்போனதால் கோபமும் வந்தது.

புத்தியும் முடிவும் முட்டிக்கொண்டால் இரண்டில் இனிப்பானதை எடுத்துக்கொள்வது வாசிப்பு ஆகாது என்றாள். மனசுக்குப் பிடித்தது வரும்வரை இன்னொன்று, இன்னொன்று என்று உருவுவதும் ஆகாது. முடிவுச் சீட்டு தலையெழுத்து இல்லை. கால் இப்போது போகிற திசையிலேயே போனால் எங்கே சேரும் என்பதுதான் அது. புத்திச் சீட்டு அந்தக் காலுக்குச் சொல்வது. முட்டினால் முதல் சீட்டுக்குத் திரும்பிப் போகவேண்டும். கதையை இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்க்கவேண்டும். எந்தக் கதையில் ஒரு சீட்டுகூடப் பொருந்தாமல் மிஞ்சவில்லையோ அதுதான் கதை.

"ஒன் கதையவே சொல்லுவோம்," என்று முதல் சீட்டில் விரலை வைத்தாள்.

அது மங்களம். கண்ணைக் கட்டி, உடம்பைக் கட்டி, சுற்றிலும் வாள்கள். கால் மட்டும் கட்டப்படவில்லை.

இரண்டாவது அவன். வாள்களை அள்ளிக்கொண்டு நுனிக்காலில் நழுவுகிறான். யாராவது பார்க்கிறார்களா என்று தலை பின்னால் திரும்பியிருக்கிறது.

மூன்றாவது இருவருக்கும் நடுவில் இருப்பது. ஆணும் பெண்ணும் ஆளுக்கொரு கிண்ணத்தை நீட்டுகிறார்கள். ஆசை பொய்யில்லை, அதை நான் பொய் என்று சொல்லமாட்டேன் என்றாள் நவமணி.

நாலாவது தடை. நிலா. அரைவெளிச்சத்தில் நாயும் ஓநாயும் ஒன்றுபோலத் தெரிகின்றன. ஏதோ மறைந்திருக்கிறது.

நீ சொல்கிறபடி ஐந்தாவது அப்பா வீட்டை விடச் சொல்கிறது என்றால், நழுவுகிறவனுக்கும் நிலாவுக்கும் இந்தக் கதையில் என்ன வேலை என்று கேட்டாள். இரண்டும் மிஞ்சுகின்றன. அதோடு, கிண்ணம் என்றால் மனசு. வீடுவாசல் என்றால் காசுச் சீட்டு வந்திருக்கும். ஐந்தாம் சீட்டுக்காரன் விட்டுப்போவது கிண்ணங்களை. மூன்றாம் சீட்டில் நீயும் ஐயாவும் நீட்டிக்கொண்டீர்களே, அதே சாதிக் கிண்ணம்.

மங்களத்தின் விரல் பந்தலைத் தொட்டது.

பந்தல் உண்டு என்றாள் நவமணி. இப்படியே போனால் பந்தலுக்குப் போய்ச் சேருவாய், பூவும் உண்டு. ஆனால் கண்கட்டோடு போவாய், பக்கத்தில் நிற்பவன் பின்னால் பார்த்துக்கொண்டே நிற்பான். நாலு கோலுக்கு மேல் கூரை எங்கே, காட்டு. அதனால்தான் ஐந்தாவது அதற்கு முன்னாலேயே எழுந்து நடக்கச் சொல்கிறது. இந்தக் கதையில் மிஞ்சுகிற சீட்டு ஏதாவது இருந்தால் எடுத்துப்போடு.

மங்களம் ஆறையும் வெகுநேரம் பார்த்தாள். முதல் சீட்டின் கட்டப்படாத காலில் அவள் கண் நின்றது.

பிறகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். முன்படியில் இறங்கினால் ரயிலடித் தெரு. அவள் சமையல்கட்டு வழியாகப் பின்படியில் இறங்கினாள்.

கொஞ்ச நேரத்தில் முன்படி அதிர்ந்தது. ஐயாவு. புதுச்சட்டை, சவ்வாது வாசனை.

முன்பே ஆயர் தாவார் ஊரில் அவன் கட்டிய தாலிக்கு, கூடப்பிறந்த அக்கா என்ற முறையில் நவமணிதான் மிச்ச முடிச்சைப் போட்டாள். அந்தத் தாலி இன்றைக்கும் அவன் பெண்டாட்டி கழுத்தில் கிடக்கிறது.

"என்னக்கா, நான் சொன்ன மாதிரி பந்தலக் கடைசியா வச்சியா, இல்லியா?"

நவமணி சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கட்டோடு சேர்த்தாள்.

"வச்சேன்டா தம்பி. மத்த அஞ்சும் அதுவா வந்துச்சு."