பாதிக் கஷாயம்

வடிவின் மகள் தேனம்மைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். ஊர்ச் சத்திரத்தில் தங்கியிருந்த புத்த பிக்கு வீட்டுக்கு வந்து காய்ச்சிக் கொடுத்த கஷாயத்தை வடிவு முகர்ந்து பார்த்து மூடி வைத்தாள்.

"காலையில சத்திரத்துல எல்லாம் வெறுமைன்னு பேசினீங்களே சாமி. இந்தக் கஷாயமுமா?"

"அதுவுந்தான்."

"ஒண்ணுமில்லாததையா என் பிள்ளைக்கு ஊத்தச் சொல்றீங்க?"

"ஒண்ணுமில்லைன்னு நான் சொல்லலையே அம்மா. வேரு, தண்ணி, நெருப்பு, அரைச்ச கை எல்லாம் சேர்ந்துதான் இது கஷாயம். அதுகளை விட்டு, தன்னாலயே நிக்கிற கஷாயம்னு ஒண்ணு கிடையாது. அதைத்தான் வெறுமைங்கிறேன்."

"காய்ச்சல்?"

"அதுவும் அப்படித்தான்."

"நெத்தியைத் தொட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க."

அவர் தொட்டார். "சுடுது. காரணம் இருக்கிறதால சுடுது, அது போனா தணியும். தன்னாலயே இருக்கிற காய்ச்சலா இருந்தா எந்த மருந்துக்கும் அசையாது. என்னைக்கும் இப்படியே கிடக்கும்."

வடிவு அவர் கண்ணையே பார்த்தாள். "உங்க வெறுமை மட்டும் தன்னால நிக்குதாக்கும்?"

"இல்லை. காய்ச்சல் இருக்கப்போய்த்தான் காய்ச்சலோட வெறுமை. அந்த வெறுமையும் வெறுமைதான்."

பேச்சு வழுக்கிக்கொண்டு போவதாக அவளுக்குப் பட்டது. கஷாயத்தில் பாதியை அவருடைய பிச்சைப் பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, மீதியை மறுபடி மூடினாள்.

"முதல்ல நீங்க."

அவர் குடித்தார். முகம் சுருங்கியது.

"என்ன சாமி?"

"கசக்குது."

"வெறுமைன்னீங்க."

"வெறுமைதான். கசக்கவும் செய்யுது."

வடிவு மகளின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு மீதிக் கஷாயத்தின் மூடியைத் திறந்தாள்.