மருமகன் சொன்ன ‘டூ’

மருமகனின் கிண்ணத்தில் லியூ மறுபடி சோற்றை அள்ளிவைத்தாள். டச்சுக்காரன் யோஸ்ட் பணிவாகச் சொன்னான்: “டூ.”

கரண்டி அப்படியே நின்றது. வியட்நாமியப் பேச்சில் குரல் தாழ்ந்து மேலேறினால் ‘போதும்’. ஏறாமல் அடியிலேயே நின்றால் காது கூசும் கெட்ட வார்த்தை. இவன் தினமும் ஏற்றுவதே இல்லை!

“வெளிநாட்டுக்காரரும்மா, விடு” என்றாள் மகள் நியன்.

“காலையில கடையில ‘ஃபோ’ நூடுல்ஸ் சூப் கேட்டாரே, அதுக்கும் இதே ஏத்தம்தான். கச்சிதமா வந்துச்சே! மாப்ள, வேணும்னேதானே என்னைத் திட்டுறீங்க? இனி இந்த வீட்டுப் பக்கமே வராதீங்க!”

யோஸ்ட் தலைகுனிந்தான். இம்முறை குரல் அழகாகத் தாழ்ந்து ஏறியது. “டூ, அம்மா.”

“அட, தங்கம்!” லியூ பூரித்துப்போய் இன்னும் இரண்டு கரண்டி வைத்தாள்.

“பாத்தீங்களா?” என்று முனகினான் யோஸ்ட். “ஒழுங்கா சொன்னா நீங்க நிறுத்தவே மாட்டேங்கிறீங்களே!”