ஆமீன் சொல்லாத கைகள்

செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்தெருப் பள்ளிவாசலில் பிற்பகல் அஸர் தொழுகை முடிகிறது. வலப்பக்கமும் இடப்பக்கமும் சலாம் கொடுத்துவிட்டு எல்லோரும் மூன்று தடவை பாவமன்னிப்புத் தேடுகிறார்கள். விரல் கணுக்களில் இறைத்துதியான தஸ்பீஹ் எண்ணி முடிந்ததும், தொழுகை நடத்திய ஹஜ்ரத் கூடியிருக்கும் ஜமாஅத்தின் பக்கம் திரும்பி உட்கார்ந்து, உள்ளங்கைகளை வானம் பார்க்க நெஞ்சளவுக்கு உயர்த்துகிறார். சாய்ந்த வெயில் அந்தக் கைகளில் விழுகிறது. இறைவனைப் புகழ்கிறார், நபியின் மேல் ஸலவாத் வாழ்த்துச் சொல்கிறார், அதன் பிறகே கேட்கிறார். "யா அல்லாஹ், நம்ம ஷம்சுத்தீன் மகள் ரஹிமாவுக்குப் பூரண ஷிஃபாவைக் கொடுப்பாயாக." அவள் ஆஸ்பத்திரியில் கிடக்கும் இருபத்தேழு நாளாகக் கேட்கும் சுகம். ஆமீன் என்கிறது வரிசை. முதல் வரிசையில் இருக்கும் ஷம்சுத்தீனின் கைகள் மட்டும் தொடையில் கவிழ்ந்து கிடக்கின்றன. பக்கத்தில் இருக்கும் ஆட்டோ அன்வர் மெல்லச் சொல்கிறான்.

"கைய ஏந்து அண்ணாத்த. உன் புள்ளைக்குத்தான கேக்குறாரு."

ஷம்சுத்தீன் நிமிர்ந்து சொல்கிறார், "ஷிஃபா வேணாம் ஹஜ்ரத். புள்ள மூணு மணிக்கே மவுத்தாயிட்டா. அவளுக்கு மன்னிப்பு கேளுங்க."

ஹஜ்ரத் ஏந்திய கைகளை இறக்கவில்லை. "இன்னா லில்லாஹி" என்று மரணச் செய்திக்குரிய வார்த்தையைச் சொல்கிறார். பிறகு, "அவள் பாவங்களை மன்னித்து, கப்ருக் குழியை விசாலமாக்குவாயாக" என்கிறார். இப்போது ஷம்சுத்தீனின் கைகள் எழுகின்றன. ஆமீன் என்கிறார். துஆ வேண்டுதல் முடிந்து எல்லோரும் கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டு எழுகிறார்கள். ஷம்சுத்தீனின் கைகள் முகத்திலேயே நின்றுவிடுகின்றன.